கனவுல அப்பா செத்துப்போறார், நான் மாடியில போய் நிம்மதியா தூங்குறேன்

வாசகி கேள்வி: மேடம், கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம், வயசு 41. போன வருஷம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு, மூக்குல டியூப் வழியாத்தான் சாப்பாடு. அம்மா இல்ல. வீட்டுக்காரரையும் பையனையும் திருப்பூர்ல விட்டுட்டு நான்தான் இங்க வந்து பாக்கேன். ராத்திரி 10 மணிக்கு ஃபீட், 12, 2, 4 மணிக்கு அலாரம் வச்சு திருப்பிப் படுக்க வைக்கணும், 6 மணிக்கு மறுபடி ஃபீட். ஓசூர்ல அண்ணன் பணம் அனுப்புவான், வரமாட்டான். கொஞ்ச மாசமா ஒரே கனவு. வாசல்ல பந்தல், அப்பாவ பெஞ்சுல கிடத்திருக்காங்க, எல்லாரும் அழுறாங்க, நான் மட்டும் பாயை எடுத்துட்டு மாடிக்குப் போய் படுத்துத் தூங்குறேன். அவ்ளோ சுகமா இருக்கு. முழிச்சதும் ஓடிப்போய் அப்பா மூக்குல விரல் வச்சுப் பாக்கேன். இன்னொரு கனவுல ஃபீட் குடுக்க மறந்துட்டு பஸ்ல போயிட்டே இருக்கேன். சில நாள் அப்பா நல்லா நடந்து வந்து காபி கேக்காரு. ஒரு நாள் சித்தி வந்து "இன்னைக்கு நான் பாத்துக்கிறேன், நீ தூங்கு"ன்னாங்க. அன்னைக்கு விடியக்காலைலதான் ரொம்ப மோசமான கனவு. சாமி தண்டிக்குதுன்னு அப்புறம் சித்தியை கூப்பிடவே இல்ல. தூக்கம் சொருகும்போது அப்பா "ஏட்டி"ன்னு கூப்பிடுற மாதிரி கேக்குது, அவருக்குத்தான் பேச்சே இல்லையே. அப்பாவோட தூக்க மாத்திரைல பாதி ரெண்டு மூணு தடவை போட்டுப் பாத்தேன். விடியக்காலை கனவு பலிக்குமா? உள்ளுக்குள்ள அவர் சாகணும்னுதான் நினைக்கேனா?

பதில்:

கடைசியில கேட்ட ரெண்டு கேள்விக்கும் முதல்ல பதில் சொல்லிடறேன். பலிக்காது. அப்பா சாகணும்னு நீங்க நினைக்கறதா அந்தக் கனவு சொல்லவும் இல்ல. பந்தல் கனவை இன்னொரு தடவை நிதானமா ஓட்டிப் பாருங்க, அதுல அப்பா சாகறதுல உங்களுக்கு சுகம் இருக்கா, இல்ல பாயை விரிச்சுப் படுக்கறதுலயா? நீங்க எழுதினதுல "அவ்ளோ சுகமா இருக்கு"ன்னு வர்ற இடம் தூங்குறதுக்கு அப்புறம்தான் வருது. ஒரு வருஷமா உங்க வாழ்க்கையில அப்பா உயிரோட இருக்கும்போது நீங்க ராத்திரி முழுக்கத் தூங்கலாம்னு ஒரு ஏற்பாடே கிடையாது, அப்படி ஒண்ணு எப்படி இருக்கும்னு உங்க மனசுக்கே தெரியாது. அப்போ "இவ தூங்கணும்"னு கனவு ஒரு காட்சி போடணும்னா அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி பந்தல்தான். யாரும் உங்களை எழுப்பாத ஒரே நாளா அதைத்தான் அது கண்டுபிடிச்சிருக்கு.

இதுக்கு நடுவுல இன்னொண்ணும் சொல்லணும். முழிச்சிருக்கும்போதே "இது எப்படா முடியும்"னு ஒரு நினைப்பு வரலாம், வந்திருக்கும், நீங்க எழுதல. படுக்கையில கிடக்கற பெத்தவங்கள மாசக்கணக்கா பாக்கற கிட்டத்தட்ட எல்லாருமே என்கிட்ட குரலை இறக்கி சொல்ற விஷயம் இது. அவர் படற கஷ்டம் முடியணும், என் கஷ்டமும் முடியணும், அவர் போகவும் கூடாது, இந்த மூணும் ஒரே ஆளுக்குள்ள ஒரே நேரத்துல இருக்கும், ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு பொய் ஆகிடாது. ஓடிப்போய் மூக்குல விரல் வச்சுப் பாக்கறீங்க பாருங்க, அவர் சாகணும்னு நினைக்கறவங்க அதைச் செய்ய மாட்டாங்க.

விடியக்காலை கனவுக்கு மட்டும் ஏன் அவ்ளோ தெளிவு

விடியக்காலை கனவு பலிக்கும்னு நம்ம ஊர்ல சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, பலிக்கறது அந்தக் காரணம் இல்ல. தூக்கம் ஒரே மாதிரி போறதில்ல, ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் முதல்ல ஆழ்ந்த தூக்கம், கடைசியில கண் உள்ளுக்குள்ள வேகமா உருண்டுக்கிட்டு இருக்கற கனவுத் தூக்கம். முன்ராத்திரியில ஆழ்ந்த தூக்கம் ஜாஸ்தி, கனவுத் தூக்கம் கொஞ்ச நேரம்தான். விடிய விடிய அது அப்படியே தலைகீழா மாறும், நாலு மணிக்கு மேல கனவுதான் நீளம். அந்த நேரத்துல முழிச்சா கனவு அப்படியே கையில நிக்கும், முழிக்காம தாண்டிட்டா காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நீங்க அலாரம் வச்சு 4 மணிக்கு எந்திரிக்கறீங்க, திரும்பப் படுத்து 6 மணிக்கு எந்திரிக்கறீங்க, அதாவது கனவுக்கு நடுவுல தினமும் கதவைத் தட்டி எழுப்பிக்கிட்டு இருக்கீங்க. மத்தவங்களுக்கும் கனவு வருது, அவங்க மறந்துடறாங்க, உங்களால மறக்க முடியல, அவ்ளோதான் வித்தியாசம்.

சித்தி வந்த அன்னைக்கு நடந்ததுக்கும் இதுலதான் பதில் இருக்கு, நீங்க ரொம்ப தப்பா எடுத்துக்கிட்ட இடமும் இதுதான். மாசக்கணக்கா கனவுத் தூக்கம் பாக்கி விழுந்துகிட்டே இருந்தா, ஒரு நாள் தொடர்ந்து தூங்க விட்டதும் மூளை அந்தப் பாக்கியை மொத்தமா வசூல் பண்ணும். அன்னைக்கு கனவு நீளமா, கலர் கலரா, உணர்ச்சி கூடுதலா வரும், சிலருக்கு பயங்கரமாவும் வரும். தூக்கத்தைப் பத்தி படிக்கறவங்க இதை ரொம்ப காலமா பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க ஓய்வு எடுத்ததுக்கு தண்டனை வந்ததா நினைச்சு சித்தியை நிறுத்திட்டீங்க. நாலஞ்சு தடவை தொடர்ந்து அவங்க வந்திருந்தா மூணாவது நாலாவது ராத்திரியிலயே அந்த வேகம் தானா அடங்கியிருக்கும். அதனால சித்தியை திரும்பக் கூப்பிடுங்க, முதல் ரெண்டு நாள் கனவு மோசமா வரும்னு எதிர்பாத்துக்கிட்டே கூப்பிடுங்க, வந்தா பயப்பட ஒண்ணும் இல்ல.

பஸ்ல போயிட்டே இருக்கற கனவு வேற ரகம். அது உங்களுக்குள்ள நைட் ட்யூட்டி முடியாம ஓடிக்கிட்டு இருக்கற காவல்காரன். குழந்தை பெத்த புதுசுல அம்மாக்கள் குழந்தை போர்வைக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு தூக்கத்துலயே படுக்கையைத் தடவுவாங்க, அதே சமாச்சாரம்தான். ஒரு உயிர் உங்க கையில இருக்குன்னு மூளை முடிவு பண்ணிட்டா தூக்கத்துலயும் செக் பண்ணிக்கிட்டே இருக்கும், உண்மையில நீங்க மறக்கறீங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. "ஏட்டி"ங்கற குரலும் தூக்கம் சொருகற அந்த எல்லையில வர்றது, நல்லா இருக்கறவங்களுக்கே பேர் சொல்லி கூப்பிடற மாதிரி கேக்கும், தூக்கம் கெட்டவங்களுக்கு அடிக்கடி கேக்கும். இது பைத்தியத்தோட ஆரம்பம் கிடையாது. எப்போ இதை சீரியஸா எடுக்கணும்னு கீழ சொல்றேன். அப்பா நடந்து வந்து காபி கேக்கற கனவை மட்டும் நான் விளக்கப் போறதில்ல. அவர் உயிரோட இருக்கும்போதே நீங்க பழைய அப்பாவை இழந்துட்டீங்க, அவர் எப்பவாவது வந்துட்டுப் போறார். அன்னைக்கு காலையில அழுகை வந்தா அழுங்க.

வியன்னாவுல ஒரு பொண்ணு

இந்தக் குற்ற உணர்ச்சி உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்ததில்லன்னு காட்ட ஒரு பழைய கேஸ் சொல்றேன், எங்க படிப்புல இதைத் தாண்டாம யாரும் வர முடியாது. வருஷம் 1880. பெர்த்தா பாப்பன்ஹைம்னு வியன்னாவைச் சேர்ந்த 21 வயசு பொண்ணு, அப்பாவுக்கு நெஞ்சுப் பகுதியில சீழ் கட்டி படுத்த படுக்கை. அம்மாவும் இவங்களும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டாங்க, ராத்திரி காவல் இவங்களுக்கு. ஒரு ராத்திரி அம்மா பக்கத்துல இல்ல, அப்பாவுக்கு காய்ச்சல் அனலா கொதிக்குது, ஆபரேஷனுக்கு டாக்டர் வரணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நாற்காலி முதுகுல வலது கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, முழிப்பும் இல்ல தூக்கமும் இல்லாத ஒரு நிலை, அப்போ சுவத்துல இருந்து ஒரு கறுப்புப் பாம்பு அப்பாவைக் கடிக்க வர்ற மாதிரி தெரியுது. தடுக்கலாம்னு பாத்தா கை அசையல, மரத்துப் போயிருக்கு. விரலைப் பாத்தா விரலெல்லாம் குட்டிக் குட்டிப் பாம்பா மாறியிருக்கு. ரயில் விசில் சத்தம் கேட்டுத்தான் அதுல இருந்து வெளிய வர்றாங்க.

அவங்களைப் பாத்த டாக்டர் ஜோசஃப் ப்ராயர் இன்னொண்ணும் எழுதி வச்சிருக்கார், எனக்கு பாம்பை விட இதுதான் முக்கியமா படும். இன்னொரு ராத்திரி அப்பா பக்கத்துல உக்காந்திருக்கும்போது பக்கத்து வீட்டுல இருந்து டான்ஸ் மியூசிக் கேக்குது. நானும் அங்க இருந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு நொடி தோணுது, உடனே ச்சீ அப்பா இப்படி கிடக்கறப்போ என்ன நினைப்புன்னு தன்னையே திட்டிக்கறாங்க. அதுல இருந்து தாளம் பலமா இருக்கற மியூசிக் எங்க கேட்டாலும் இருமல் வந்துடும். ஒரே ஒரு நொடி ஆசை, அதை யார்கிட்டயும் சொல்லாம முழுங்கினது உடம்புல போய் உக்காந்துடுச்சு. அந்த டிசம்பர்லயே அவங்களே படுக்கையில விழுந்துட்டாங்க, அப்பாவைப் பாத்துக்க முடியல, 1881 ஏப்ரல்ல அவர் இறந்துட்டார். ப்ராயர் குணப்படுத்தினாருங்கறது பெரிய சண்டை, அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இருந்திருக்காங்க, அதை விடுங்க. பின்னாடி அதே பெர்த்தா ஜெர்மனியில பெரிய சமூக சேவகி ஆனாங்க, 1904ல யூதப் பெண்களுக்காக ஒரு கூட்டமைப்பே ஆரம்பிச்சாங்க. டான்ஸுக்கு ஆசைப்பட்டதால அவங்க கெட்ட மகள் ஆகல. ஓய்வே இல்லாம, ஆசையை வெளிய சொல்ல ஆளும் இல்லாம போனதுலதான் உடைஞ்சாங்கன்னு நான் நினைக்கறேன்.

கெட்ட கனவு கண்டா பசுமாட்டுகிட்ட போய் சொல்லிடுன்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்லுவாங்க. மாட்டுகிட்டயோ வீட்டுக்காரர்கிட்டயோ, வாயைத் திறந்து சொல்றது நல்லதுதான். பந்தல் கனவை வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?

ராத்திரியை எப்படி மாத்தலாம்

கனவை விட எனக்கு உங்க அலாரம்தான் கவலையா இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க எந்திரிச்சு, திருப்பி, டயபர் பாத்து, மறுபடி படுத்து தூக்கம் வர இருபது நிமிஷம் அரைமணி ஆகும், மிச்சம் இருக்கறது ஒரே ஒரு சுத்து. ராத்திரி முழுக்க இப்படியே போகுது.

ரெண்டு மணி நேரக் கணக்கு நல்ல கணக்குதான், படுக்கைப்புண் வராம இருக்க வச்சது. ஆனா அது கல்வெட்டு கிடையாது. காத்து மாறி மாறி ஏறி இறங்கற ஏர் பெட் போட்டு, தோல் நல்லா இருந்தா, ராத்திரியில மட்டும் மூணு மணி நேரம், அப்புறம் நாலு மணி நேரம்னு நீட்டலாமான்னு அப்பாவைப் பாக்கற டாக்டர்கிட்ட கேக்கலாம், நிறைய பேருக்கு சரின்னு சொல்லுவாங்க. நீங்களா நீட்டிடாதீங்க, அவர் உடம்பு எடை, சுகர், ஏற்கனவே புண் இருந்ததா, எல்லாம் பாத்துதான் சொல்லணும். அவங்க ஒத்துக்கிட்டா உங்க ராத்திரி இப்படி இருக்கும்: கடைசி ஃபீட் 9 மணிக்கு, தலைப்பக்கம் நல்லா உயர்த்தி வச்சு குடுத்து, அப்புறம் ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, 10 மணிக்கு ஒரு பக்கமா சாய்ச்சு, முதுகுக்குப் பின்னாடி தலகாணி, குதிகால் மெத்தையில படாம கெண்டைக்காலுக்குக் கீழ ஒரு தலகாணி. முதல் வாரம் 1 மணிக்கும் 4 மணிக்கும். தோல் தாங்கினா அடுத்த வாரம் 2 மணிக்கு ஒரே தடவை, அப்புறம் 6 மணிதான்.

தோல் தாங்குதான்னு எப்படி தெரியும்னா, ஒவ்வொரு தடவையும் திருப்பும்போது வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிவப்பா இருந்தா விரலால அமுக்கிட்டு எடுங்க, வெளுத்துட்டு திரும்ப சிவந்தா பரவாயில்ல. அமுக்கினாலும் வெளுக்காம அப்படியே நின்னா அது புண்ணோட ஆரம்பம், அன்னைக்கே பழைய ரெண்டு மணி நேரத்துக்குப் போயிடுங்க, டாக்டருக்கும் சொல்லுங்க. நம்ம கறுப்பு நிறத்துல சிவப்பு சரியா தெரியாது, அதனால கையை வச்சுப் பாருங்க, சுத்தி இருக்கற இடத்தை விட சூடாவோ கல்லு மாதிரி கெட்டியாவோ இருந்தா அதுவும் அதே அறிகுறிதான்.

இப்போ அண்ணன். "வந்து உதவி பண்ணு"ன்னு கேட்டா "லீவ் இல்ல"ன்னுதான் பதில் வரும், ஏன்னா உதவிங்கறது எவ்ளோன்னு அவருக்குத் தெரியாது. தேதி வச்சு கேளுங்க. "மாசத்துல ரெண்டு தடவை, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயித்துக்கிழமை கிளம்பு, ரெண்டு ராத்திரியும் நீ அப்பா ரூம்ல, நான் மாடியில. வர முடியலைன்னா வாரத்துக்கு ரெண்டு ராத்திரிக்கு அட்டெண்டர் வைக்க தனியா பணம் அனுப்பு." வந்தா முதல் நாள் நீங்க கூட நின்னு டியூப்ல ஃபீட் குடுக்கறது எப்படின்னு காட்டிட்டு மாடிக்குப் போயிடுங்க, எட்டிப் பாக்காதீங்க. பெத்தவங்களைப் பராமரிக்கற பொறுப்புல மகன் மகள்னு 2007 சட்டம் வித்தியாசம் பாக்கல, கேஸ் போடுங்கன்னு நான் சொல்லல, கெஞ்ச வேண்டியதில்லன்னு சொல்றேன். அதோட உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்தி கேளுங்க, 2021ல இருந்து இருக்கு, படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோவும் வலி நிவாரண கவனிப்பும் குடுக்கற திட்டம். ஒருத்தர் வாரத்துல ஒரு நாள் வந்தாலும் புண்ணு இருக்கான்னு பாக்க இன்னொரு ஜோடி கண்ணு கிடைக்கும்.

கனவோட முடிவை மாத்தி எழுதறது

ராத்திரி ஏற்பாடு மாறினா பாதி கனவு தானா போயிடும். போகலைன்னா இதை செஞ்சு பாருங்க, திரும்பத் திரும்ப வர்ற கெட்ட கனவுக்கு நாங்க சொல்லித் தர்ற முறைதான். பகல்ல, படுக்கப் போற நேரத்துல வேண்டாம், ஒரு நோட்டுல கனவை எழுதுங்க. அப்புறம் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி எழுதுங்க. உதாரணமா, வாசல்ல பந்தல் இல்ல, சித்தி செருப்பைக் கழட்டிக்கிட்டு உள்ள வர்றாங்க, அப்பா கட்டில்ல சாஞ்சு படுத்து கண்ணைத் திறந்து பாக்கறார், ஃபீட் டம்ளரை சித்தி கையில குடுத்துட்டு நீங்க பாயை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறீங்க. பாய், மாடி, சுகம் எல்லாம் அப்படியே இருக்கு, சாவு மட்டும் இல்ல. இந்தப் புது கனவை மட்டும் தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்க, பழசை திரும்பப் படிக்காதீங்க. சில வாரம் ஆகும், முதல் நாலு நாள்ல ஒண்ணும் நடக்கலைன்னு விட்டுடாதீங்க.

எதுக்கு உடனே போகணும்

மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. நீங்க போட்டது ரெண்டு மூணு தடவைதான்னா நிறுத்தறதுல பிரச்சனை இல்ல. தினமும் போட ஆரம்பிச்சிருந்தா சட்டுனு நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி குறைச்சு குறைச்சுதான் விடணும், இல்லைன்னா தூக்கம் மொத்தமா போய் கனவு இன்னும் மோசமா வரும். அப்பாவுக்கு எழுதின டோஸ் அவருக்கு, அது போட்டுட்டுத் தூங்கினா டியூப்ல குடுத்த ஃபீட் வாந்தியா வந்து அவருக்கு மூச்சு முட்டினாலும் உங்களுக்குக் கேக்காது. அப்பா மாத்திரை குறையறதும் ஆபத்துதான்.

கனவைப் பத்தி நான் இவ்ளோ நேரம் சொன்ன தைரியம் எல்லாம் கனவுக்கு மட்டும்தான். முழிச்சிருக்கும்போது "டியூப்ல ரெண்டு மாத்திரை சேத்துக் கரைச்சு விட்டுட்டா"ங்கற மாதிரி யோசனை எப்படி செய்யலாம்ங்கற அளவுக்குப் போனா, கோவத்துல அவரை கிள்ளினேன் அடிச்சேன்னு நடந்திருந்தா, நானே போயிடலாம்னு தோணினா, அது வேற, அன்னைக்கே அவரை வேற யார்கிட்டயாவது விட்டுட்டு டாக்டரைப் பாக்கணும், ராத்திரி நேரமா இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. அப்பா குரல் பட்டப்பகல்ல நல்லா முழிச்சிருக்கும்போதும் கேட்டா, இல்ல ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்லாம சாப்பாடு இறங்காம இருந்தா, அப்பவும் வாங்க. மனச்சோர்வுக்கு மருந்து வேற, தூக்கத்துக்கு மருந்து வேற, நேர்ல பாக்காம நான் எழுதித் தர மாட்டேன்.

ரெண்டு வாரம் புது ராத்திரி கணக்கை ஓட்டிட்டு, எத்தனை மணி நேரம் விடாம தூங்கினீங்கன்னு மட்டும் நோட்டுல குறிச்சு அனுப்புங்க.